சிற்றாலையின் பதிவேடும் உதிரிப்பாகமும்

அரிசிமாவும் குரக்கன்மாவும் அரைத்துக் கடைகளுக்கு அனுப்பும் சிற்றாலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அங்கே அரைக்கும் பொறி ஒன்றே உளது. அது நின்றால் கட்டளைகள் யாவும் நின்றுவிடும். உறுப்புகள் தேய்வதை முற்றாகத் தடுத்தல் இயலாது. ஆயினும், தேய்வை முன்னறிந்து, வேலையற்ற நாளிலே உறுப்பை மாற்றுதல் இயலும். முன்னறிதற்கு உதவுவது பதிவேடு. மாற்றுதற்கு உதவுவது உதிரிப்பாக இருப்பு.

பதிவேடு விரிவாக அமையவேண்டுவதில்லை. பொறி ஓடிய மணித்தியாலம், அரைத்த தானியம், போதிகையின் வெப்பநிலை, செய்த திருத்தம் என்னும் நான்கு நிரல்கள் போதும். தொழிலாளர் பெயரிங் என வழங்கும் போதிகை, ஓடத்தொடங்கியதும் சூடேறிப் பின்னர் ஒரு நிலையில் நிற்கும். ஆதலின், நாள்தோறும் பொறி தொடங்கி இரண்டு மணித்தியாலம் கழிந்தபின், ஒரே இடத்திலேயே வெப்பத்தை அளத்தல் வேண்டும்.

அவ்வளவுகள் பல வாரங்களாக 50 பாகை சதம அளவில் நின்றன என்க. பின்பு ஒரு கிழமையில் 52, 55, 59, 64 என ஏறுகின்றன. அரைக்கும் தானியமோ அறையின் வெப்பமோ மாறவில்லை. தனித்து நோக்கின் 64 என்பது அஞ்சத்தக்க எண்ணன்று. இடையறாத ஏற்றமே எச்சரிக்கையாகும். அண்மையில் கிறீஸ் மிகுதியாக இடப்பட்டதா, வார் அளவுக்குமேல் இறுக்கப்பட்டதா என்பவற்றைப் பதிவேட்டிலேயே முதலிற் பார்த்தல் வேண்டும். இவ்விரண்டும் நல்ல போதிகையையும் சூடாக்கும். அவை காரணமல்லவாயின், உராயும் ஓசையும் கேட்குமாயின், போதிகை தேய்ந்ததென்று கொண்டு அடுத்த ஞாயிறன்று மாற்றிவிடலாம். மாற்றுதற்கு அது கையிலிருத்தல் வேண்டுமன்றோ?

எதனை எவ்வளவு சேமிப்பது என்பதையும் பதிவேடே உணர்த்தும். அரிதட்டு ஆறு கிழமைக்கொருமுறை ஓட்டையாகிறது. கொழும்பிலிருந்து புதியது வர இரண்டு கிழமை செல்கிறது எனின், கடைசி அரிதட்டைப் பொறியிற் பூட்டும் நாளிற் கட்டளை அனுப்பினும் நான்கு கிழமை எஞ்சும். போதிகை அரிதிற் பழுதடைவது. எனினும் அஃதின்றிப் பொறி ஓடாது, விலையும் சிறிது. ஆகவே அதன் வளையத்திற் பொறித்த எண்ணைக் குறித்து, அவ்வெண்ணுடைய ஒன்றை எப்பொழுதும் வைத்திருத்தல் தகும். மூன்று வார்கள் பூட்டிய கப்பிக்கு ஒரு வார் மட்டும் வாங்கிவைத்தல் பயனற்றது. பழைய இரண்டும் நீண்டிருத்தலாற் புதியது ஒன்றே சுமையைத் தாங்கி விரைவில் அறும். மூன்றையும் ஒருங்கே மாற்றுதல் வேண்டும்.

பதிவேட்டுக்கும் எல்லை உண்டு. மும்முனை மின்னோட்டத்தில் ஒரு முனை அறுந்தால், மோட்டர் சில நிமிடத்திலேயே எரிந்துபோகக்கூடும்; எந்த நிரலும் அதனை முன்னுரையாது. அதற்கு மிகைச்சுமையில் மின்னைத் துண்டிக்கும் காப்புச் சாதனமே வேண்டும். இன்னொரு மோட்டரை வாங்கிவைத்தல் சிற்றாலைக்குப் பெருஞ்செலவு. அதற்கு ஈடாக, சுருள் சுற்றிக் கொடுப்பவரின் முகவரியும், அவர் அவ்வேலைக்கு எடுக்கும் நாட்களும் பதிவேட்டின் முதற்பக்கத்தில் இருத்தல் வேண்டும். கடைக்காரருக்கு மா என்று கிடைக்கும் என்பதை அந்நாட்களைக் கொண்டே உரைக்கலாம்.