நாலு சதுர அடியில் காணாமல் போன மனை
(வலைக்குள் ஒரு கடை – பகுதி 9)

கோவை சரவணம்பட்டியில் ஒருவர் தன் ஐந்தரை சென்ட் மனையை விற்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் வேலை பார்க்கும் இன்னொருவர் அதே பகுதியில் ஒரு கிரவுண்டு மனை தேடுகிறார். இருவருக்கும் நடுவில் நிற்பது நாம் கட்டப்போகும் வீடு, மனை விற்பனைத் தளம். தரகர் ஒருவரிடம் இந்த இரண்டு பேரும் போயிருந்தால் ஒரே நாளில் மனையைக் காட்டியிருப்பார். நம் தளமோ இவர்களைச் சேர விடாமல் தடுக்க எல்லா வாய்ப்பும் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஐந்தரை சென்ட் என்றால் 2395.8. ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி. சென்னைக்காரர் ‘குறைந்தபட்சம் 2400’ என்று வடிகட்டியில் போட்டதும், 4.2 சதுர அடிக்காக இந்த மனை பட்டியலிலிருந்து விழுந்துவிடுகிறது. வாங்குபவருக்கு அப்படி ஒரு மனை இருப்பதே தெரியாது. விற்பவரோ ‘யாரும் கேட்கவில்லை, சந்தை மந்தம்’ என்று நினைத்துக்கொள்வார். கண்ணில் படாத மனையைப் பற்றி யார் புகார் கொடுப்பது?

ஆகவே பரப்பளவை இரண்டு இடத்தில் வையுங்கள். விற்பவர் எழுதிய ‘5½ சென்ட்’ அப்படியே ஒரு புலத்தில் இருக்கட்டும். திரையில் அதைத்தான் காட்ட வேண்டும். தேடலுக்கு மட்டும் சதுர அடியாக மாற்றிய எண் தனியாக. தேடும்போது கீழ்வரம்பில் மூன்று சதவீதம் தளர்த்திக்கொள்வது நல்லது.

அடுத்த ஆபத்து, நிரப்பாமல் விட்ட கட்டங்கள். எந்தத் திசை பார்த்த மனை என்று பாதிப் பேர் குறிப்பிட மாட்டார்கள். ‘கிழக்கு’ என்று ஒருவர் தேர்ந்தெடுத்ததும், திசை காலியாக உள்ள மனைகள் அத்தனையும் மறைந்துபோகும். தரவுத்தளத்தைப் பொறுத்தவரை காலியாக உள்ளது எதற்கும் சமமில்லை. ஆனால் எல்லா வடிகட்டிகளையும் ஒரே மாதிரி தளர்த்தக் கூடாது. திசை தெரியாவிட்டால் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம். டிடிசிபி அங்கீகாரம் அப்படியல்ல. ‘உண்டு’, ‘இல்லை’, ‘சொல்லப்படவில்லை’ என்று மூன்று நிலைகளாக அதை வைத்து, ‘உண்டு’ என்பதை மட்டுமே அனுமதிக்க வேண்டும். நம் சென்னைக்காரரின் தேடல் இப்படி முடியும்:

```
WHERE type = 'plot'
  AND area_sqft >= 2400 * 0.97
  AND dtcp_approval = 'yes'
  AND (facing = 'east' OR facing IS NULL)
```

திசை சொல்லாத மனைகளைப் பட்டியலின் கடைசியில், அதற்கான குறிப்போடு காட்டிவிட்டால் யாரையும் ஏமாற்றியதாகாது.

வடிகட்டி சரியாக இருக்கிறதா என்று அறிய எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. ஒவ்வொரு விளம்பரத்தையும் எடுத்து, அதன் சொந்த விவரங்களையே கொடுத்துத் தேட வேண்டும். தன் விவரத்தைக் கொடுத்தும் தன்னைக் கண்டுபிடிக்க முடியாத மனை எதுவோ, அங்கேதான் கோளாறு. இரவில் தானாக ஓடும் வேலையாக இதை வைத்துவிடலாம்.

வரைபடத்துக்கு வருவோம். பட்டியலுக்கு ஒரு தேடல், வரைபடத்துக்கு வேறொரு தேடல் என்று இரண்டு எழுதுவதுதான் பலர் செய்யும் காரியம். நாலு மாதத்தில் இரண்டும் வேறு வேறு பதில் சொல்லத் தொடங்கும். தேடல் ஒன்றே இருக்க வேண்டும். வரைபடத்தில் தெரியும் செவ்வகத்தின் எல்லைகள் அதற்கு இன்னொரு நிபந்தனை, அவ்வளவுதான். பட்டியலில் நாற்பது மனையும் வரைபடத்தில் முப்பத்தேழும் இருந்தால், மீதி மூன்றுக்கு இருப்பிடம் பதிவாகவில்லை என்பதைத் திரையிலேயே சொல்லிவிடுங்கள்.

இருப்பிடம் பதிவாகியிருந்தாலும் நம்பிவிட முடியாது. சரவணம்பட்டி ஏறக்குறைய 11.08 அட்சரேகை, 77.00 தீர்க்கரேகை. கூகுள் வரைபடத்தில் அட்சம் முதலில் வரும். GeoJSON என்ற வடிவத்தில் தீர்க்கம் முதலில் வரும். இந்த வரிசை மாறினால் நம் மனை ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே ஆர்க்டிக் பகுதிக் கடலில் மிதக்கும். இதுவாவது பார்த்ததும் தெரியும் பிழை. முகவரி புரியாதபோது சில சேவைகள் ஊரின் மையப் புள்ளியைக் கொடுத்துவிடும்; அது உண்மை போலவே இருப்பதால் தப்பிவிடும். துளி மாறாமல் ஒரே புள்ளியில் இருபது மனைகள் குவிந்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

தனி வீடு விற்பவர்கள் பலர் சரியான இடத்தைக் காட்ட விரும்புவதில்லை. அப்போது புள்ளியைச் சற்று நகர்த்தி, ஒரு வட்டமாகக் காட்டுவோம். நகர்த்துவதை ஒரே ஒரு முறை செய்து சேமித்துவிட வேண்டும். பக்கம் திறக்கும்போதெல்லாம் புதிதாக நகர்த்தினால், நூறு முறை திறந்து சராசரி எடுப்பவர் வாசலுக்கே வந்துவிடுவார். உண்மையான புள்ளி உலாவிக்குப் போகவே கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிடித்ததைச் சேமிக்கும் இதயக் குறியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பயனர் எண், மனை எண், சேமித்த அன்றைய விலை ஆகிய மூன்றும் போதும். விலை இறங்கினால் சொல்ல அந்தக் கடைசி எண் உதவும். விற்றுப்போன மனையை அழிக்காதீர்கள். ‘விற்றது’ என்று நிலையை மாற்றுங்கள். அழித்தால் சேமித்தவர் பட்டியலில் ஓர் ஓட்டைதான் மிஞ்சும்.

இனி விசாரணை. நம் சென்னைக்காரர் ஒருவழியாக அந்த ஐந்தரை சென்ட்டைக் கண்டுபிடித்து, ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு ‘விவரம் வேண்டும்’ என்று அழுத்துகிறார். பக்கத்திலிருக்கும் இன்னும் இரண்டு மனைகளுக்கும் அழுத்துகிறார். மூன்று மனைக்கும் மூன்று ஏஜென்ட். திங்கள் காலை மூன்று பேரும் மாறி மாறி அழைத்தால், நாலாவது அழைப்பை அவர் எடுக்கவே மாட்டார்.

அதனால் முதலில் போன் எண்ணை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். முன்னால் +91 போட்டதும், பூஜ்யம் போட்டதும், வெறும் பத்து இலக்கமும் ஒரே ஆள்தான். அதே எண்ணிலிருந்து அதே பகுதிக்கு அண்மையில் விசாரணை வந்திருந்தால், முதலில் பொறுப்பேற்ற ஏஜென்ட்டுக்கே புதியதும் போகட்டும். இதனால் மற்ற இரண்டு ஏஜென்ட்டுகளுக்கும் மனத்தாங்கல் வரும். தரகை எப்படிப் பிரிப்பது என்பதை நிரல் எழுதுமுன் அவர்களோடு உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டும். அதை எந்த நிரலும் தீர்த்துவைக்காது.

முதல் விசாரணை என்றால் அந்த மனையைப் பதிவிட்ட ஏஜென்ட்டுக்குப் போக வேண்டும். அவர் விடுப்பிலோ, வேலை நேரத்தில் அரை மணிக்குள் திறந்து பார்க்காமலோ இருந்தால், அந்தப் பகுதியின் மற்ற ஏஜென்ட்டுகளுக்குத் திறந்துவிடலாம். அப்போது இரண்டு பேர் ஒரே நொடியில் ‘எடுத்துக்கொள்கிறேன்’ என்று அழுத்துவார்கள். ‘காலியா?’ என்று முதலில் படித்துப் பார்த்து, பிறகு பெயரை எழுதினால் இருவருக்குமே கிடைத்ததாகத் தோன்றும். பார்ப்பதும் எழுதுவதும் ஒரே கட்டளையில் நடக்க வேண்டும்:

```
UPDATE enquiries SET agent_id = 7
WHERE id = 41 AND agent_id IS NULL
```

இரண்டாமவருக்கு மாறிய வரிகள் பூஜ்யம் என்று பதில் வரும். அவர் திரையில் ‘வேறொருவர் எடுத்துவிட்டார்’ என்று காட்டிவிட வேண்டியதுதான். யாருக்கு, எப்போது, எந்த விதிப்படி கைமாறியது என்பதைத் தனி அட்டவணையில் வரிசையாக எழுதி வையுங்கள். தரகுத் தகராறு வரும் நாளில் எல்லோரும் கேட்பது அந்த அட்டவணையைத்தான்.

(அடுத்த வாரம்: ஒரே மனையை மூன்று தரகர்கள் பதிவிட்டால்)