முதல் மெயிலில் ஒரே ஒரு கேள்வி

கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு சின்னப் பட்டறையை எடுத்துக்கொள்வோம். பத்து, பன்னிரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள். கொள்முதல், டெலிவரி, சனிக்கிழமைக் கூலி எல்லாம் முதலாளி ஒருவர் தலையில். அவர் மெயில் பார்ப்பதே லோடு ஏறும் நேரத்தில், கைபேசியில்தான். திரையில் அவர் கண்ணில் படுவது அனுப்பியவர் பெயரும், பொருள் வரியும், முதல் வாக்கியத்தின் பாதியும். திறப்பதா அழிப்பதா என்பது அங்கேயே முடிவாகிவிடும்.

அவருக்கு ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம் முதல்முறையாக எழுதுகிறது. டேலியில் உள்ள கொள்முதல் கணக்கை ஜிஎஸ்டி தளத்தில் உள்ள விவரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள் அவர்களுடையது. (இதையே தொழிலில் இருக்கும் ஒரு பட்டயக் கணக்காளர் செய்ய முடியாது, வாடிக்கையாளர் கேட்டு இப்படிக் கடிதம் போடுவதை அவர்களுடைய நடத்தை விதி தடுக்கிறது.) வழக்கமாக அந்த மெயில் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். "வணக்கம், நாங்கள் முன்னணி நிறுவனம்" என்று தொடங்கும். பில்லிங், ஸ்டாக், சம்பளப் பட்டியல், ஜிஎஸ்டி என்று எல்லா வேலையையும் அடுக்கும். கூடவே பெரிய விளம்பரக் கோப்பு ஒன்று. கடைசியில் இணையதளத்தைப் பாருங்கள், வீடியோ பாருங்கள், டெமோவுக்கு நேரம் குறியுங்கள், அல்லது போன் செய்யுங்கள் என்று நான்கு வேலை. நான்கில் எதைச் செய்வது என்று யோசிக்க அவருக்கு நேரம் இல்லை. ஒன்றையும் செய்யமாட்டார்.

மென்பொருள் செய்யும் வேலைகளில் முதலாளியின் பையைத் தொடுவது எது என்று தேடினால் ஒன்று கிடைக்கும். அவர் 1,50,000 ரூபாய்க்கு வார்ப்புப் பொருள் வாங்குகிறார். 18 சதவீதம் ஜிஎஸ்டி, அதாவது 27,000 ரூபாய், சப்ளையருக்குச் சேர்த்துக் கொடுத்துவிட்டார். சப்ளையர் அந்த பில்லை 11-ஆம் தேதிக்குள் தன் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் ஏற்றித் தாக்கல் செய்தால்தான், 14-ஆம் தேதி உருவாகும் முதலாளியின் 2பி அறிக்கையில் அது வரும். வராத பில்லுக்கு அந்த மாதம் இன்புட் எடுக்க முடியாது. 2022 ஜனவரியிலிருந்து சட்டம் அப்படித்தான். ஆகவே 20-ஆம் தேதி ரிட்டர்ன் போடும்போது அதே 27,000 ரூபாயை மறுபடி கையிலிருந்து கட்டுகிறார். சப்ளையர் பிறகு தாக்கல் செய்தால் அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ வரவு கிடைத்துவிடும். பணம் போகவில்லை, மாட்டிக்கொண்டிருக்கிறது. கூலிக்கு வைத்திருந்த காசு மாட்டிக்கொண்டால் அதன் வலி வேறு.

இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். "20-ஆம் தேதிக்குள் விடுபட்ட பில்களைப் பிடித்துத் தருகிறோம்" என்று எழுதிவிடுவார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் பயனில்லை. 11-ஆம் தேதியைத் தாண்டிவிட்டால் சப்ளையர் 16-ஆம் தேதி ஓடிவந்து ஏற்றினாலும் அந்த பில் அடுத்த மாத 2பி-யில்தான் வரும். முதலாளி அந்த மெயிலை ஆடிட்டருக்கு அனுப்பினால், ஒரே வரியில் "இவங்களுக்கு விஷயம் தெரியலை" என்று பதில் வரும். கதை முடிந்தது. "உங்கள் வரியைக் காப்பாற்றுகிறோம்" என்பதும் அப்படித்தான். அழியாத பணத்தை அழிந்ததாகச் சொல்லி பயமுறுத்துவது.

உண்மையான பலன் 11-க்கு முன்னால் இருக்கிறது. 2024 அக்டோபரிலிருந்து ஜிஎஸ்டி தளத்தில் ஐஎம்எஸ் என்ற பகுதி வந்திருக்கிறது. சப்ளையர் பில்லை ஏற்றிச் சேமித்தவுடனே அது வாங்கியவருக்கு அங்கே தெரியும். 10-ஆம் தேதி காலையில் அதை டேலியோடு ஒப்பிட்டால், யார் இன்னும் ஏற்றவில்லை என்ற பட்டியல் கையில் வந்துவிடும். போன் எடுத்துச் சொல்ல இரண்டு நாள் இருக்கிறது. காலாண்டுக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் சின்ன சப்ளையர்களுக்குத் தேதிக் கணக்கு வேறு. ஆனால் அதையெல்லாம் முதல் மெயிலில் இழுக்கக்கூடாது.

இனி மெயிலை எழுதலாம்.

பொருள்: 10-ஆம் தேதியே தெரிந்தால் – ஏறாத பில்கள்

"வணக்கம் சார்,

வார்ப்பு, பேரிங், காப்பர் என்று பல இடத்தில் வாங்குவீர்கள். ஒருவர் பில் ஏற்ற மறந்தாலும் அந்த ஜிஎஸ்டியை அந்த மாதம் நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும். 1,50,000 ரூபாய் பில் என்றால் 27,000 ரூபாய்.

எந்த சப்ளையர், எந்த பில், எவ்வளவு என்ற பட்டியலை ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதி காலையில் தருகிறோம். 11-க்குள் அவர்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம். உங்கள் கணக்காளர் எடுத்துத் தரும் எக்செல் கோப்பு போதும், பாஸ்வேர்டு கேட்கமாட்டோம்.

போன மாதம் இப்படி ஏதாவது பில் வராமல் போனதா? 'ஆமாம்' என்று மட்டும் பதில் போடுங்கள், நாளைக்கு நான் கூப்பிடுகிறேன்."

கீழே எழுதியவர் பெயர், நிறுவனம், ஊர், கைபேசி எண். அவ்வளவுதான். முதலாளியின் பெயர் தெரிந்தால் "சார்" முன்னால் அதைச் சேர்க்கலாம். விலை இல்லை, இணைப்பு இல்லை, கோப்பு இல்லை. தெரியாத ஆளிடமிருந்து கோப்பு வந்தால் திறக்கத் தயங்குவதும் நியாயம்தானே. பாஸ்வேர்டு வரி எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. ஜிஎஸ்டி பற்றி முன்பின் தெரியாதவர் எழுதினால் முதலில் வரும் சந்தேகமே அதுதான்.

கடைசிக் கேள்வியை இப்படிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. "நேரம் ஒதுக்க முடியுமா" என்றால் அவர் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். "பில் வராமல் போனதா" என்றால் விடை அவர் நினைவிலேயே இருக்கிறது. கட்டை விரலால் ஒரு சொல் தட்டினால் போதும். இல்லை என்று பதில் வந்தாலும் லாபம்தான், அவரைத் திரும்பத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை.

அனுப்பும் நாள் 21 முதல் 23-க்குள் இருப்பது நல்லது. வரி கட்டிய எரிச்சல் ஆறியிருக்காது, அடுத்த 10-ஆம் தேதிக்கும் நாள் இருக்கும். 18, 19-இல் அனுப்பினால் கணக்காளரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவர் கையில் மாட்டும். ஒரே நாளில் ஐநூறு பேருக்கு வாரி இறைக்காமல் இருபது, முப்பது பேராக அனுப்பினால் ஸ்பாமில் விழும் ஆபத்து குறையும். ஒவ்வொருவரும் என்ன வாங்குகிறார் என்று பார்த்து முதல் வரியை மாற்றவும் நேரம் கிடைக்கும். வார்ப்பு, பேரிங் என்று எழுதியது பம்ப் பட்டறைக்கு. அதையே பேக்கரிக்கு அனுப்பினால் மானம் போகும்.

எத்தனை பேர் திறந்தார்கள் என்று காட்டும் எண்ணை நம்பவேண்டாம். ஆப்பிள் கைபேசிகளின் மெயில் செயலி 2021 முதல் படங்களைத் தானாகவே இறக்கிவைக்கும் வசதியைத் தருகிறது. அதனால் படிக்காத மெயிலும் திறந்ததாகக் காட்டும். பதிலை மட்டும் எண்ணலாம். மெயில் திரும்பி வந்தால் முகவரி தப்பு. "என்ன விலை?" என்று பதில் வந்தால் பலன் புரிந்துவிட்டது. "நீங்க யாரு?" என்று வந்தால் கீழே இருக்கும் பெயரும் ஊரும் போதவில்லை. ஐந்தாறு நாள் சத்தமே இல்லை என்றால் அதே மெயிலுக்குக் கீழே இரண்டு வரியில் ஒருமுறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம்.

நம் ஊரில் அடிக்கடி வரும் பதில் வேறொன்று: "ஆடிட்டர்கிட்ட பேசுங்க." இதைத் தட்டிக்கழிப்பு என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். அவர் எண்ணைக் கேட்டு, முதலாளி சொன்னதாகச் சொல்லி, 10-ஆம் தேதிப் பட்டியலை மட்டும் பேசினால் போதும். 20-ஆம் தேதி ஒவ்வொரு மாதமும் முதலாளியிடம் திட்டு வாங்குபவர் அவர்தான்.