சஃபாரியில் ஒரு முகவரி, குரோமில் வேறொரு முகவரி

ஐபோன் வைத்திருப்பவர்கள் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். Settings-இல் தங்கள் பெயரைத் தொட்டு, iCloud பகுதியில் Private Relay வசதியை இயக்க வேண்டும். ஐகிளவுட் பிளஸ் கட்டணத் திட்டத்தில் இருப்பவர்களுக்கே இது கிடைக்கும். பிறகு சஃபாரியில் ஐபி முகவரியைக் காட்டும் ஏதேனும் ஓர் இணையதளத்தைத் திறந்தால், கிளவுட்ஃப்ளேர், அகமாய் போன்ற நிறுவனங்களின் பெயரில் ஒரு முகவரி வரும். அதே தளத்தை அதே போனில் குரோமில் திறந்தால், ஜியோவோ ஏர்டெல்லோ கொடுத்த சொந்த முகவரி அப்படியே தெரியும்.

போன் ஒன்றுதான், இணைப்பும் ஒன்றுதான். ஆனால் ரிலே என்பது ஏறக்குறைய சஃபாரிக்கான ஏற்பாடு. அதற்கு வெளியே, போனின் டிஎன்எஸ் தேடல்களையும், குறியாக்கம் இல்லாமல் போகும் செயலிகளின் தகவலையும் மட்டும் அது தொடும். வாட்ஸ்அப், யூடியூப், வங்கிச் செயலி எல்லாம் வழக்கமான பாதையிலேயே போகின்றன.

2021-இல் ஐஓஎஸ் 15 உடன் ஆப்பிள் இதைக் கொண்டுவந்தது. மதுரையில் ஒருவர் சஃபாரியில் ஒரு மருத்துவத் தளத்தைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய கோரிக்கை முதலில் ஆப்பிளின் சர்வருக்குப் போகிறது. அவர் ஐபி முகவரி அதற்குத் தெரியும். எந்தத் தளத்துக்குப் போகிறார் என்பது குறியாக்கத்துக்குள் இருப்பதால் தெரியாது. அங்கிருந்து வேறொரு நிறுவனம் நடத்தும் இரண்டாவது சர்வருக்குப் போகிறது. அதற்குத் தளத்தின் பெயர் தெரியும், கேட்டவர் யார் என்று தெரியாது. அது ஒரு தற்காலிக முகவரியைக் கொடுத்துத் தளத்தைத் திறக்கிறது. பிராட்பேண்ட் நிறுவனத்துக்கு அவர் ஆப்பிள் ரிலேவுடன் பேசுகிறார் என்பதோடு சரி. ஆளையும் அவர் போகும் இடத்தையும் சேர்த்துப் பார்க்க நடுவில் இருக்கும் எவராலும் முடியாது. ரிலேயின் பலமே இதுதான்.

விபிஎன் கணக்கு வேறு. அதை முழுமையாக இயக்கினால் போனில் உள்ள எல்லாச் செயலிகளின் போக்குவரத்தும் ஒரே குழாய் வழியாக விபிஎன் நிறுவனத்தின் சர்வருக்குப் போகும். சிங்கப்பூர் சர்வரைத் தேர்ந்தெடுத்தால், தளங்களுக்கு அவர் சிங்கப்பூரில் இருப்பதுபோலத் தெரியும். ரிலேயில் இது நடக்காது. தோராயமான ஊரையோ, நாட்டையும் நேர மண்டலத்தையும் மட்டுமோ காட்டலாம், நாட்டை மாற்ற முடியாது.

ஆனால் விபிஎன்னில் இரண்டு பக்கமும் தெரிந்த ஒருவர் இருக்கிறார்: அந்த நிறுவனமேதான். ஃபேஸ்புக் நிறுவனத்தின் ஒனாவோ ப்ரொடெக்ட் இதற்குப் பெயர்போன உதாரணம். தகவலைப் பாதுகாக்கும் விபிஎன் என்று விளம்பரம் செய்துகொண்டு, பயனர்கள் எந்தச் செயலிகளை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்ற தகவலை அது ஃபேஸ்புக்கின் வியாபாரத்துக்காகச் சேகரித்தது. 2023 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் ஃபெடரல் நீதிமன்றம் அதன் இரண்டு துணை நிறுவனங்களுக்கும் சேர்த்து 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

இந்தியாவில் இன்னொரு விஷயமும் உண்டு. வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஐபி விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று விபிஎன் நிறுவனங்களுக்கு செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. எக்ஸ்பிரஸ் விபிஎன், நார்ட் விபிஎன் போன்றவை இங்கிருந்த தங்கள் சர்வர்களை அகற்றிவிட்டன.

பிரௌசர்களில் வரும் ‘விபிஎன்’ பெயரையும் பார்த்துத்தான் நம்ப வேண்டும். ஓபெராவின் இலவச விபிஎன் அந்த பிரௌசருக்குள் நடப்பதை மட்டுமே மறைக்கும். மைக்ரோசாஃப்ட் எட்ஜில் உள்ள வசதியும் அப்படித்தான். வேறு செயலியைத் திறந்தால் அந்தப் பாதுகாப்பு கூட வராது.

ரிலேயும் எல்லா இடத்திலும் வேலை செய்யாது. சீனா, சவுதி அரேபியா போன்ற நாடுகளில் அதை ஆப்பிள் தரவில்லை. சில அலுவலக, பள்ளி வைஃபைகளில் mask.icloud.com என்ற பெயரைத் தடுத்துவிடுவார்கள். அப்போது இந்த நெட்வொர்க்கில் ரிலே இல்லை என்று போன் அறிவிக்கும். அந்த அறிவிப்பைத் தள்ளிவிட்டுத் தொடர்ந்தால் சொந்த முகவரியோடுதான் உலவ நேரும்.

இரண்டாலும் மறைக்க முடியாதவையும் இருக்கின்றன. கூகுள் கணக்கில் நுழைந்துவிட்டுத் தேடினால் தேடியவர் யார் என்று கூகுளுக்குத் தெரியும். குக்கீகளும், ஜிபிஎஸ் அனுமதி கொடுத்த செயலிகளும் ஐபி முகவரியை நம்பி இருப்பதில்லை.

சஃபாரியில் உலவுவதை இணைய நிறுவனமும் விளம்பரக் கம்பெனிகளும் தொடரக் கூடாது என்பதுதான் தேவை என்றால் ரிலே போதும். எல்லாச் செயலிகளையும் மறைக்க வேண்டும், அல்லது வேறு நாட்டு முகவரி வேண்டும் என்றால் விபிஎன் தேவை. அதை நிறுவும் முன், நடத்துவது யார், எதைச் சேமிக்கிறார்கள், இலவசம் என்றால் வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.