மூன்றாம் நாள் கட்டும் பால்

இறந்து பிறந்த குழந்தையை அடக்கம் செய்துவிட்டு, வீட்டு ஆண்கள் தலைக்குக் குளித்துவிட்டுத் திரும்புவார்கள். பெரும்பாலும் அன்றைக்கே. குடும்பத்தைப் பொறுத்தவரை நடக்க வேண்டியது நடந்து முடிந்தது. தாய்க்கோ அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் பால் கட்டத் தொடங்கும்.

நஞ்சு வெளியே வந்ததும் உடம்பில் புரோஜெஸ்டிரோன் சட்டென்று இறங்குகிறது. அதுவரை அடங்கிக் கிடந்த பால் அதனால் சுரக்கிறது. குழந்தை உயிரோடு இருக்கிறதா என்று உடம்பு பார்ப்பதில்லை. நாலைந்து மாதத்தில் கலைந்த கர்ப்பத்துக்குப் பிறகும் பால் வரலாம். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால், நனைந்த ரவிக்கையோடு திகைத்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் உண்டு.

இதற்கு நம் வீடுகளில் மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டுவார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இதைப் புரோமோகிரிப்டின் மருந்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, பூவும் பாலைக் குறைக்கிறது என்று 1988-ல் எழுதினார்கள். இன்று மருத்துவமனைகளில் கேபர்கோலின் மாத்திரை தருகிறார்கள். பிரசவமான முதல் நாளிலேயே கொடுத்தால் நல்லது. ரத்தக் கொதிப்பு இருந்தவர்களுக்கு ஆகாது. பாலைப் பீய்ச்சிக் காலி செய்தால் இன்னும் சுரக்கும். வலி குறையும் அளவுக்கு மட்டும் எடுத்துவிட்டு, குளிர்ந்த துணி வைத்தால் சில நாளில் அடங்கிவிடும். மார்பு சிவந்து காய்ச்சல் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பூக்கட்டி வைக்கத் தெரிந்த பாட்டிக்குக்கூட அந்தப் பெண்ணிடம் என்ன பேசுவது என்று தெரிவதில்லை. "பெரிய உசுரு பொழைச்சுதே, அதுவே போதும்" என்பார். "வயசு இருக்கு, அடுத்த வருசமே பொறக்கும்" என்பார் அத்தை. இவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. நம்மிடம் துக்கத்துக்கு ஒரு முறை இருக்கிறது: பந்தல், ஒப்பாரி, பதினாறாம் நாள் காரியம். அதெல்லாம் வாழ்ந்தவர்களுக்கானது. ஒப்பாரி வைக்க வேண்டுமானால் செத்தவர் என்ன செய்தார், எப்படிச் சிரித்தார் என்று சொல்ல ஏதாவது வேண்டும். இந்தக் குழந்தையை உறவினர் யாரும் பார்த்ததே இல்லை. அதன் உதையை அறிந்தவள் அவள் ஒருத்திதான். அதனால் துக்கம் கேட்க வர வேண்டியவர்கள், நோயாளியைப் பார்ப்பதுபோலப் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்து, "உடம்பு தேவலையா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். சுற்றியிருப்பவர்கள் துக்கமென்றே ஏற்காத இப்படிப்பட்ட துக்கங்களைத்தான் அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989-ல் வெளியிட்ட நூலில் தனியாகப் பிரித்துக் காட்டினார்.

மூன்று மாதத்துக்குள் கலைந்தால் நிலைமை இன்னும் மோசம். "மூணு மாசம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்று கர்ப்பத்தையே மறைத்து வைத்திருப்போம். சொல்லாத கர்ப்பத்துக்கு எப்படி அழுவது? அப்போது கலைபவற்றில் ஏறத்தாழப் பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோம் கோளாறு. ஆனாலும் பப்பாளி தின்றாளா, மாடி ஏறினாளா, பஸ்ஸில் போனாளா என்ற விசாரணை மட்டும் தவறாமல் நடக்கும். துக்கத்தோடு குற்ற உணர்வும் சேர்வது இங்கேதான்.

எட்டாம் மாதத்தில் குழந்தையின் அசைவு நின்றுபோன ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். வளைகாப்பு வளையல் இன்னும் கையில் இருக்கிறது. ஸ்கேனில் இதயத் துடிப்பு இல்லை என்று தெரிந்த பிறகும் வலி வரவழைத்து அவள் பிரசவிக்க வேண்டும். அதற்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். குழந்தை வந்ததும், "பாத்தா மறக்க முடியாது, காட்டாதீங்க" என்று நர்ஸிடம் யாரோ சொல்லிவிடுகிறார்கள். கையெழுத்துப் போடுவதும் குழி தோண்ட ஆள் பிடிப்பதும் கணவன். அவனிடமும் யாரும் எதுவும் கேட்பதில்லை.

பார்ப்பது நல்லதா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை. பார்த்தவர்களுக்கு மனச்சோர்வு கூடியதாகச் சொன்னவை உண்டு, பார்க்காதவர்கள் பின்னால் வருந்தியதாகச் சொன்னவையும் உண்டு. எனவே வற்புறுத்தவும் கூடாது, தடுக்கவும் கூடாது. குழந்தை எப்படி இருக்கும் என்பதை முதலில் சொல்லிவிட்டு, "பாக்கணுமாம்மா?" என்று அவளிடமே கேட்க வேண்டும். வேண்டாம் என்றவள் ஒரு மணி நேரம் கழித்து மனம் மாறலாம். அடக்கத்துக்கு அவசரப்படாமல் இருந்தால் அதற்கும் இடமிருக்கும்.

துக்கம் நேர்க்கோட்டில் குறைவதில்லை. மருத்துவர் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதி வரும்போதும், நாத்தனாரின் வளைகாப்புக்கு அவளை மட்டும் அழைக்காமல் விடும்போதும் மறுபடி கிளம்பும். அழுகை வருவது நோயல்ல. இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூங்காமல், சாப்பிடாமல் கிடந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். செத்துப் போகலாம் என்று பேசினால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. அரசின் மனநல உதவி எண் 14416-ல் தமிழிலும் பேசலாம்.

சட்டம் இந்த விஷயத்தில் உறவினர்களைவிடத் தெளிவு. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி இறந்து பிறப்பதும் பிறப்புதான், அதையும் பதிய வேண்டும். 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு பயன் சட்டம் 'குழந்தை' என்பதில் இறந்து பிறந்த குழந்தையையும் சேர்த்தே எழுதியது. கருச்சிதைவுக்கு ஆறு வாரம், இறந்து பிறந்தால் முழுப் பிரசவ விடுப்பு. எட்டாம் மாதக் குழந்தையை இழந்தவளுக்கு ஆறு வாரம்தான் என்று அலுவலகத்தில் சொன்னால், மருத்துவமனைச் சான்றைக் காட்டி முழு விடுப்பைக் கேட்கலாம்.