இரண்டு நானோ விநாடி பல்ஸ் எங்கே போனது?

ஒரு சிப்பை உற்பத்திக்கு அனுப்புமுன் அதன் சர்க்யூட்டைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பார்கள். அதற்கான மென்பொருள்தான் சிமுலேட்டர். உள்ளே வந்த மாற்றம் வெளியே தெரிய 3 நானோ விநாடி ஆகும் என்பதுபோல, ஒவ்வொரு கேட்டுக்கும் ஒரு தாமதத்தை அதனிடம் சொல்லிவைப்பார்கள். அந்த நேரம் முடிவதற்குள் சிக்னல் பழைய நிலைக்கே திரும்பிவிட்டால்? இங்கேதான் இனர்ஷியல் முறையும் டிரான்ஸ்போர்ட் முறையும் பிரிகின்றன.

இரண்டு உள்ளீடுகளில் ஒன்றைத் தேர்ந்து அனுப்பும் மல்டிபிளெக்ஸரை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஆண்ட் கேட், அவற்றைச் சேர்க்கும் ஓர் ஆர் கேட், எல்லாமே 3 நானோ விநாடி. தேர்வு சிக்னல் முதல் ஆண்டுக்கு நேராகவும், இரண்டாவதற்கு 2 நானோ விநாடி எடுக்கும் இன்வர்ட்டர் வழியாகவும் போகிறது. இரண்டு உள்ளீட்டிலும் 1 இருப்பதால், எதைத் தேர்ந்தாலும் வெளியே 1தான் வரவேண்டும். இப்போது தேர்வு சிக்னல் 1லிருந்து 0க்கு இறங்குகிறது. முதல் ஆண்ட் 3ஆம் நானோ விநாடியில் அணைகிறது. இரண்டாவது 5ஆம் நானோ விநாடியில்தான் எழுகிறது. இடைப்பட்ட 2 நானோ விநாடி ஆர் கேட்டுக்குள் வருவது வெறும் 0.

இனர்ஷியல் முறையில், “6இல் வெளியீடு 0” என்று சிமுலேட்டர் குறித்துக்கொள்ளும். 5இல் உள்ளீடு மீண்டும் 1 ஆனதும் அந்தக் குறிப்பை அடித்துவிடும். திரையில் நேர்கோடு. டிரான்ஸ்போர்ட் முறை எதையும் அடிக்காது. “8இல் 1” என்று கூடுதலாக எழுதிக்கொள்ளும். 6 முதல் 8 வரை ஒரு பள்ளம் தெரியும்.

கேட்டுக்கு இனர்ஷியலே இயல்பு. போட்ட ஸ்விட்சை உடனே அணைத்தால் மின்விசிறி சுற்றத் தொடங்காதே, அதுபோலத்தான். ஆனால் நிஜ சிப்பில் மின்னழுத்தம் பாதிவரை இறங்கி ஏறலாம். இரண்டு முறையும் அதைக் காட்டாது. அந்த வெளியீடு ரீசெட் முனைக்கோ கிளாக் முனைக்கோ போனால், திரையில் தெரியும் நேர்கோட்டை நான் நம்பமாட்டேன். இதற்காகவே பல வெரிலாக் சிமுலேட்டர்களில் `+pulse_r/30 +pulse_e/70` போன்ற கட்டளைகள் உண்டு. செல்லின் பாதைத் தாமதத்தில் 30 சதவீதத்துக்குக் குறைந்த பல்ஸ் விழுங்கப்படும், 70ஐத் தாண்டினால் கடந்துபோகும், இடையில் இருந்தால் X என்று சந்தேகக்குறி விழும். 3இல் 2 என்பது 67 சதவீதம். ஆகவே நம் பல்ஸ் X.

வயர் கதை வேறு. சர்க்யூட் போர்டில் 30 சென்டிமீட்டர் தடத்தைக் கடக்க ஏறக்குறைய 2 நானோ விநாடி ஆகும். அரை நானோ விநாடி பல்ஸும் முழுசாகவே மறுமுனைக்குப் போய்ச் சேரும். அங்கே டிரான்ஸ்போர்ட்தான் பொருந்தும். 4 நானோ விநாடிக்கு ஒருமுறை மாறும் கிளாக்கை 5 நானோ விநாடி தள்ளிவைக்க நினைத்து இப்படி எழுதுகிறவர்கள் உண்டு:

```verilog
assign #5 out = clk;
```

இது இனர்ஷியல். ஒவ்வொரு மாற்றமும் முந்தைய குறிப்பை அடித்துவிடுவதால், `out` கடைசிவரை X ஆகவே கிடக்கும். எழுதவேண்டியது இது:

```verilog
always @(clk) out <= #5 clk;
```