வாந்தியும் வாந்தித் தடுப்பு மருந்துகளும்

வாந்தி என்பது வயிற்றில் உள்ளவற்றை வாய்வழியே வேகமாக வெளியேற்றும் அனிச்சைச் செயலாகும். அதற்கு முன் தோன்றும் உணர்வே குமட்டல். திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு வழியாக, ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலுக்குப் பேருந்தில் செல்வோர் பலர் இரண்டையும் அறிவர். வயிற்றுப்போக்கின்போது வாங்கி வைத்த ஒன்டான்செட்ரான் மாத்திரையைப் போட்டுக்கொண்டும் மலைச்சாலையில் வாந்தி எடுப்போர் உண்டு. மாத்திரையில் குறையில்லை, அது வேலை செய்யும் இடம் வேறு.

வாந்தி மையம்

மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தில் வாந்தி மையம் உள்ளது. இது தனி உறுப்பன்று, ஒருங்கிணைந்து இயங்கும் நரம்பணுக்களின் வலையமைப்பு. இதன் ஆணையால் முதலில் உமிழ்நீர் பெருகும். பின் ஆழ்ந்த மூச்சு இழுக்கப்பட்டு, குரல்வளை மூடிக்கொள்ளும். உதரவிதானமும் வயிற்றுச்சுவர்த் தசைகளும் இறுகி இரைப்பையைப் பிழியும். இரைப்பை தானாக எதையும் வெளியே தள்ளுவதில்லை. அது தளர்ந்தே இருக்கும்.

இந்த மையத்துக்குச் செய்தி பல வழிகளில் வருகிறது. பேருந்து வளைவில் திரும்பும்போது உட்செவியின் அரைவட்டக் கால்வாய்கள் அசைவை உணர்கின்றன. முன் இருக்கையையோ கைப்பேசியையோ பார்க்கும் கண்கள் அசைவில்லை என்கின்றன. இம்முரண்பாடே பயணக் குமட்டலுக்குக் காரணம் எனக் கருதப்படுகிறது. அடுத்த வளைவை முன்கூட்டியே அறியும் ஓட்டுநருக்கு இத்தொல்லை அரிது.

மருந்து வகைகள்

உட்செவியின் செய்தி ஹிஸ்டமின், அசெட்டைல்கோலின் ஆகியவற்றின் மூலம் கடத்தப்படுகிறது. எனவே பயணத்துக்குப் புரோமெதசின், டைமென்ஹைட்ரினேட் போன்ற ஹிஸ்டமின் எதிர்ப்பிகளும், அசெட்டைல்கோலினைத் தடுக்கும் ஹயோசினும் உதவுகின்றன. மாத்திரையைப் புறப்படுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்பே விழுங்க வேண்டும். குமட்டல் தொடங்கியபின் இரைப்பை மெதுவாகவே காலியாவதால் மருந்து குடலை அடையத் தாமதமாகும். இவை தூக்கம் வரவழைக்கும். வண்டி ஓட்டுபவருக்கு ஆகாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் புரோமெதசின் கொடுக்கக் கூடாது.

கெட்டுப்போன உணவோ புற்றுநோய் மருந்தோ குடற்சுவரைத் தாக்கும்போது அங்குள்ள செல்கள் செரோடோனினை வெளியிடுகின்றன. அது வேகசு நரம்பைத் தூண்ட, செய்தி முகுளத்தை எட்டுகிறது. ஒன்டான்செட்ரான் அடைப்பது இவ்வழியைத்தான். உட்செவியின் வழி இதில் சேராததால் பயணக் குமட்டலுக்கு அதனால் பயன் இல்லை.

மூன்றாவது வழி இரத்தம். முகுளத்தை ஒட்டிய நான்காம் மூளையறையின் தளத்தில் ஒரு சிறு பகுதிக்கு மட்டும் குருதி-மூளைத் தடுப்பு இல்லை. இரத்தத்திலுள்ள நச்சை அது நேரடியாக உணர்ந்துவிடும். இங்கு டோபமைன் ஏற்பிகள் உள்ளன. டோம்பெரிடோன் மூளைக்குள் பெரிதும் நுழையாமலே இவற்றைத் தடுக்கிறது. மெட்டோகுளோபிரமைடு உள்ளேயும் நுழைவதால், சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் சில நேரம் கழுத்தும் கண்களும் ஒருபக்கம் இழுத்துக்கொள்ளும். பார்ப்பவர்கள் வலிப்பு என்று பயந்துவிடுவார்கள்; மருந்தை நிறுத்தி, மருத்துவரிடம் அதன் பெயரைச் சொன்னால் ஊசி மூலம் விரைவில் சரிசெய்துவிடலாம்.