ஊறுகாய்ச் சாடியும் பழைய எண்ணெயும்

வடமராட்சியில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். அவ்வீட்டு அம்மையார் ஊறுகாய் போட்டு விற்று வருபவர். அவரிடம் தாயார் வைத்துச் சென்ற பீங்கான் சாடி ஒன்றும், வாயகன்ற கண்ணாடிப் போத்தல் ஒன்றும் உள்ளன. ஓராண்டுக் காலம் இவ்விரண்டிலும் நல்லெண்ணெய் விட்ட மாங்காய் ஊறுகாய் இருந்தது. அது தீர்ந்த பின்னர், சவர்க்காரமும் புளியும் இட்டுத் தேய்த்துக் கழுவி, எண்ணெய் சேராத தேசிக்காய் ஊறுகாயை அதே சாடியில் ஊறவைத்தார். மூன்று கிழமை கழித்து அதனை ஆறு சிறு போத்தல்களில் அடைத்துக் கடைக்கு அனுப்பினார். சில நாட்களில் கடைக்காரர் ஆறையும் திருப்பிக் கொண்டுவந்தார். "அக்கா, காய் நல்ல காய்தான், ஆனால் பழைய எண்ணெய் மணக்கிறது" என்றார்.

சாடியோ பார்வைக்குச் சுத்தமாகவே இருந்தது. அங்ஙனமாயின் அம்மணம் எங்கிருந்து வந்தது? இவ்வினாவுக்கு விடை தெரிந்தால், ஊறுகாய் வைத்த பாத்திரத்தைத் துப்புரவாக்கும் முறையும் தானே விளங்கிவிடும்.

ஊறுகாய்ப் பாத்திரத்தில் எஞ்சுவன மூன்று: எண்ணெய், நிறம், மணம். இவை தனித்தனி எதிரிகள்போலத் தோன்றினும் உண்மையில் எண்ணெயே வீட்டுக்காரர். மற்றை இரண்டும் அவ்வீட்டில் ஒட்டுக் குடியிருப்பவை. மிளகாயின் சிவப்பும் மஞ்சளின் நிறமும் தண்ணீரில் எளிதிற் கரைவன அல்ல, எண்ணெயிற் கரைவன. பெருங்காயம், வெந்தயம், கடுகு ஆகியவற்றின் மணமும் எண்ணெயிலேயே தங்குகிறது. ஆகவே எண்ணெயை அகற்றாமல் நிறத்தையும் மணத்தையும் அகற்ற முனைவது வீண் முயற்சியாகும்.

அந்த எண்ணெயும் நெடுநாள் அதே நிலையில் இருப்பதில்லை. சாடியின் கழுத்தில் மெல்லிய படலமாக ஒட்டிய எண்ணெய் காற்றும் வெளிச்சமும் பட்டுத் தடித்து, பிசின்போல் ஆகிவிடுகிறது. விரலால் தொட்டால் வழுக்காது, சிறிது ஒட்டும். அதே வேளையில் எண்ணெயின் ஒரு பகுதி சிதைந்து, கொழுப்பு அமிலங்களாகப் பிரிகிறது. காறல் மணம் பெரும்பாலும் எண்ணெய் காற்றுப் பட்டுச் சிதைவதால் உண்டாவதே. கொழுப்புப் பொருள்களுள் இவ்வமிலங்கள் அடங்கியிருப்பதைப் பிரெஞ்சு இரசாயன அறிஞரான செவ்ரெல் ஆராய்ந்து, 1823 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அமிலத்துடன் காரம் சேர்ந்தால் சவர்க்காரம் பிறக்கும் என்பதே இங்கு நமக்குப் பயன்படும் செய்தி. பழைய எண்ணெயில் அமிலம் உண்டு. நாம் காரத்தைக் கொடுத்தால் அழுக்கே ஓரளவு சவர்க்காரமாகி, மிகுந்த எண்ணெயையும் தன்னுடன் இழுத்துக்கொண்டு நீரிற் கலக்கும்.

இதனால் அந்த அம்மையார் செய்த பிழை புலனாகும். புளியும் தேசிக்காயும் வினாகிரியும் அமிலங்கள். பித்தளைக் களிம்பையும் கிணற்று நீரால் படியும் வெள்ளைப் படிவையும் அவை நீக்கும், எண்ணெயை நீக்கா. எண்ணெய்க்கு வேண்டியது காரம்.

செய்முறையை ஒழுங்காகக் கவனிப்போம். முதலில் தண்ணீர் படவே கூடாது. பாத்திரத்தைக் கவிழ்த்து ஓர் இரவு வைத்தால் ஓடக்கூடிய எண்ணெய் ஓடிவிடும். பின்னர் இரண்டு கைப்பிடி தவிட்டையோ, நன்கு அரித்த விறகுச் சாம்பலையோ உள்ளே இட்டு, காய்ந்த துணியால் சுற்றிலும் தேய்த்துக் கொட்டவேண்டும். தவிடு எண்ணெயை உறிஞ்சும். சாம்பல் உறிஞ்சுவதோடு, தன்னிடத்துள்ள காரத்தால் எண்ணெயை இளக்கவும் செய்யும். மணலால் தேய்ப்பது தீது. மணல் கண்ணாடியிலும் மெருகிலும் நுண்ணிய கீறல்களை உண்டாக்கும். அடுத்த ஊறுகாயின் எண்ணெய்க்கு அக்கீறல்களே இருப்பிடமாகும்.

அடுத்தது காரநீர். ஒரு லீற்றர் வெந்நீருக்குச் சலவைச் சோடா இரண்டு மேசைக்கரண்டி போதும். அப்பச்சோடா இவ்வேலைக்கு வலுக் குறைந்தது. சோடாவைப் பிளாஸ்டிக் வாளியிலோ எனாமல் பாத்திரத்திலோ கரைக்கலாம்; அலுமினியப் பாத்திரத்தைக் காரம் அரித்துவிடும். கையில் உறை அணிந்துகொள்வதும் நன்று. கொதிக்கும் நீரைக் குளிர்ந்த கண்ணாடியில் ஒரேயடியாக ஊற்றினால் போத்தல் வெடிக்கும். ஆதலின் முதலில் இளஞ்சூட்டு நீரால் பாத்திரத்தைப் பழக்கி, அதன் பின்னரே கை பொறுக்கும் சூட்டிலுள்ள காரநீரை விளிம்புவரை நிரப்புதல் வேண்டும். விளிம்புவரை என்பது முக்கியம்; பிசினாகிய எண்ணெய் கழுத்திலேதான் இருக்கிறது. ஓர் இரவு ஊறிய பின், தும்பாலோ போத்தல் தூரிகையாலோ தேய்த்துக் கொட்டலாம். கை நுழையாத போத்தலாயின், ஒரு பிடி அரிசியும் சிறிது காரநீரும் இட்டு நன்றாகக் குலுக்கினால், செல்லாத மூலைக்கும் அரிசி சென்று தேய்க்கும். பின்பு நல்ல நீரால் நான்கைந்து முறை அலசவேண்டும்.

இவ்வேளையில் ஒரு காட்சி சிலரைத் திகைக்கச் செய்யும். மஞ்சள் நிறமாயிருந்த கறை, காரநீர் பட்டதும் செந்நிறமாகிவிடும். புதிய கறை ஏதோ உண்டாயிற்று என்று அஞ்சவேண்டியதில்லை. மஞ்சளின் நிறப்பொருள் காரத்திற் சிவக்கும் இயல்புடையது. குங்குமம் செய்வதிலும் மஞ்சளின் இவ்வியல்பே பயன்படுகிறது. இச்சிவப்பு நமக்கு உதவியான அடையாளமுங்கூட. எங்கே சிவக்கிறதோ அங்கே மஞ்சள் இன்னும் எஞ்சியுள்ளது என அறியலாம்.

எஞ்சிய நிறத்தைப் போக்கும் வேலையை வெயிலிடம் ஒப்படைப்பதே சிறந்தது. மஞ்சளின் நிறம் வெயிலில் விரைந்து வெளிறும். மிளகாயின் சிவப்பு சற்றுப் பிந்தி வெளிறும். பாத்திரத்தை வாய் திறந்தபடி, உட்பக்கம் ஒளி படுமாறு சாய்த்து, மூன்று நான்கு நாள் வைத்தல் போதுமானது. நிறத்தை விரைவில் நீக்கவேண்டுமென்று வெளிற்றும் தூளைப் பயன்படுத்துவோர் உளர். அத்தூளுடன் வினாகிரியோ தேசிக்காய்ச் சாறோ சேர்ந்தால் நச்சு வாயு எழும். உணவுப் பாத்திரத்துக்கு அது வேண்டாத வேலை.

கண்ணாடிப் போத்தலைப் பொறுத்தவரை இத்துடன் காரியம் முடிந்துவிடும். கண்ணாடி எதையும் உறிஞ்சுவதில்லை. அது துப்புரவானதா என்று அறிய, நீரை ஊற்றிக் கவிழ்த்துப் பார்க்கவேண்டும். நீர் ஒரே விரிப்பாக வழிந்தால் எண்ணெய் இல்லை. துளித்துளியாகப் பிரிந்து, இடையிடையே வறண்ட திட்டுகள் தோன்றினால் எண்ணெய் இன்னும் உண்டு. போத்தல் சுத்தமாகியும் மணம் போகவில்லையெனின், குற்றம் பெரும்பாலும் மூடியினுடையதே. மூடியின் உள்ளே இருக்கும் இறப்பர் வளையமும் தக்கையும் எண்ணெயையும் மணத்தையும் தம்முள் ஏற்றுக்கொள்வன. அவற்றைக் கழுவி மீட்பது அரிது. புதியது மாற்றுவதே வழி.

பீங்கான் சாடியின் கதை வேறு. அதன் உடல் சுட்ட மண். மேலே கண்ணாடி போன்ற மெருகு பூசப்பட்டிருக்கிறது. மெருகு முழுமையாக உள்ளவரை அதுவும் கண்ணாடி போன்றதே. ஆனால் மூடி பொருந்தும் விளிம்பிலும் அடிப்பாகத்திலும் பல சாடிகளுக்கு மெருகு இருப்பதில்லை. பழைய சாடியின் மெருகில் சிலந்தி வலை போன்ற நுண் வெடிப்புகளும் தோன்றியிருக்கும். சாடியின் மண் முழுதும் இறுகச் சுடப்படாததாயின், எண்ணெய் இவ்வழிகளால் மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. தாயார் தந்த சாடியில் நிகழ்ந்ததும் இதுவே. மேற்பரப்பு சுத்தமாகியது; உள்ளே ஒளிந்திருந்த எண்ணெய், மூன்று கிழமையில் மெல்ல வெளிவந்து தேசிக்காயிற் கலந்தது.

இதனைக் கண்டறிய எளிய சோதனை ஒன்றுண்டு. நன்கு காய்ந்த சாடியினுள் அச்சு எழுத்தில்லாத வெள்ளைத் தாளைச் சுவரோடு ஒட்டும்படி நெருக்கி அடைத்து, நண்பகல் வெயிலில் நான்கு மணி நேரம் வைக்கவேண்டும். சூட்டில் எண்ணெய் இளகிக் கசியும். பின்னர் தாளை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால், எண்ணெய் பட்ட இடங்கள் ஒளி ஊடுருவும் திட்டுகளாகத் தெரியும். நீர்த் திட்டாயின் காய்ந்தவுடன் மறைந்துவிடும். எண்ணெய்த் திட்டு மறையாது.

சோதனையே மருந்தாகவும் பயன்படும். காரநீரில் ஓர் இரவு. அலசிய பின் ஒரு பகல் முழுதும் வெயில், உள்ளே தாள். மறுநாள் மீண்டும் அதே வரிசை. அந்த அம்மையாரின் சாடியில் முதல் நாள் தாளில் உள்ளங்கையளவு திட்டுகள் விழுந்தன. இரண்டாம் முறை விளிம்பை ஒட்டி மட்டும் ஒரு கோடு தெரிந்தது. நான்காம் முறை தாள் வெறுமையாக வந்தது.

அதன் பின்பும் அவர் அவசரப்படவில்லை. ஒரு கரண்டி தேயிலையைச் சிறு தாளில் வைத்து, சாடிக்குள் இட்டு மூடினார். அயல் மணத்தைத் தேயிலை எளிதிற் பற்றிக்கொள்ளும் என்பது தேயிலை விளையும் இந்நாட்டவர் பலரும் அறிந்ததே. இரண்டு நாள் கழித்து அத்தேயிலையில் தேநீர் ஊற்றிப் பருகினார். தேநீரில் தேயிலையின் மணமே இருந்தது. பெருங்காயம் இலேசாகவேனும் மணத்திருந்தால், சாடி இன்னும் ஆயத்தமாகவில்லை என்பது பொருள்.

எல்லாச் சாடியும் இவ்வாறு மீளும் என்று கூறுவதற்கில்லை. ஆறு ஏழு முறை செய்தும் தாளில் திட்டு விழுமாயின், அல்லது தட்டும்போது கணீரென்னாமல் மந்தமான ஓசை எழுமாயின், அச்சாடியின் உடலே வெடித்திருக்கக்கூடும். மெருகு பொடிந்து உதிரும் சாடியிற் புளிப்புப் பொருளை வைத்தல் ஆகாது. பழைய மெருகுகள் சிலவற்றில் ஈயம் உண்டு, புளிப்பு அதனைக் கரைத்து உணவில் சேர்க்கும். அத்தகைய சாடியை உணவுக்கன்றி வேறு காரியத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

அந்த அம்மையார் அடுத்த தடவை தேசிக்காயை அதே சாடியிற் போட்டார். ஊறுகாயை இடுவதற்கு முன், சாடி உள்ளும் புறமும் ஈரமின்றிக் காயும்வரை இரண்டு நாள் பொறுத்தார். துப்புரவான சாடியிலும் ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும் என்பதை அறிந்தவர் அவர். இம்முறை ஆறு போத்தல்களும் கடையிலேயே விற்றுத் தீர்ந்தன. மாங்காய்க்கென்று இப்பொழுது அவர் வேறொரு சாடியை ஒதுக்கியிருக்கிறார். எண்ணெய் ஊறுகாய்க்கு ஒரு சாடி, எண்ணெயில்லா ஊறுகாய்க்கு ஒரு சாடி என்று பிரித்துவிட்டால், இத்தனை நாட் பாடும் மறுமுறை படவேண்டியதில்லை.